கைத்தறி என்று ஒரு சொல்

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா சேலைக் கடைக்குப் போன் செய்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. "வாட்ஸ்அப்ல கைத்தறின்னு போட்டிருந்தீங்க. நான் நெசவுக்காரங்க வீட்டுல பொறந்தவ. இது கைத்தறி இல்லீங்க, பவர்லூம்" என்று மட்டும் சொன்னாராம். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஊடை நூல் விழுந்த அடி முந்தி முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கிறது. கைத்தறியில் நெய்கிறவர் சாப்பிட எழுந்துபோய் மறுபடி தறியில் உட்கார்ந்த இடம் கொஞ்சமாவது கண்ணில் படும், நெருக்கமோ இளக்கமோ ஒரு விரல் அகலத்துக்காவது தெரியும். இந்தச் சேலையில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

அவர் சொன்னது சரி. அது விசைத்தறிச் சேலைதான். கடைக்காரர் அதை விசைத்தறி விலைக்குத்தான் விற்றார், 680 ரூபாய். கைத்தறி என்று அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சொல் வந்தது என் வழியாக. நான் எழுதிக்கொடுத்த விளம்பர வாசகத்தில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், நான் ஒரு ஏஐ கருவியிடம் எழுதச் சொல்லி வாங்கி, மேலோட்டமாகத் திருத்தி, என்னுடைய எழுத்தாகக் கொடுத்த வாசகத்தில் இருந்தது.

இந்தப் பதிவை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வெட்கம்தான். ஆனால் இதே வேலையைச் செய்கிற பலர் இந்த வலைப்பதிவைப் படிக்கிறார்கள். இதே குழியில் அவர்களும் விழக்கூடும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாகலாபுரத்தைத் தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர் இது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தோம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். வேதநாராயண சுவாமி கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் மாதம் சூரிய வெளிச்சம் மூலவர் மேல் விழுகிற நாட்களுக்கு வெளியூர்க் கூட்டம் வரும். மற்ற நாட்களில் அமைதியான ஊர். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், பள்ளிக்கூடம் போனதோ தெலுங்கில். இந்த இரட்டை மொழிதான் என் பிழைப்பு. புத்தூர், நாராயணவனம், நகரிப் பக்கம் ஓடுகிற விசைத்தறிகளின் துணி இந்தப் பக்கம் திருப்பதிக்கும் போகிறது, அந்தப் பக்கம் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், சென்னைக்கும் போகிறது. ஒரே சரக்குக்குத் தெலுங்கில் ஒரு வாசகம், தமிழில் ஒரு வாசகம் வேண்டும். அதை எழுதிக்கொடுப்பது என் வேலை.

மேலே சொன்ன கடைக்காரருக்குத் தாய்மொழி தமிழ். என்னோடு தமிழில்தான் பேசுவார், கணக்கு வழக்கும் தமிழில்தான் வாயில் வரும். ஆனால் தமிழ் எழுத்து படிக்க வராது. அவர் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். நான் அனுப்பிய தமிழ் வாசகத்தை அவர் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. "தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று நேராக வாட்ஸ்அப் கேட்டலாக்கில் ஏற்றிவிட்டார். அவருக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் இருந்தேன், நானும் பார்க்காமல் விட்டேன்.

கருவிக்கு நான் கொடுத்த விவரம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆறே தகவல்கள். பருத்திச் சேலை. 80 நம்பர் நூல். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர். ஏழு நிறங்கள். சின்ன பார்டரில் சரிகை. விலை 680. கடைக்காரர் போனில் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். விசைத்தறி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டியதே இல்லை என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் காதில் விழுகிற ஊர்களில் அந்த விலைக்குக் கைத்தறிச் சேலை கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கருவிக்குத் தெரியாது.

வந்த வாசகம் எட்டு வரி. படிக்க அழகாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் நம் கைத்தறி நெசவாளர்களின் விரல்களில் பிறந்த சேலை என்று ஆரம்பித்தது. தூய பருத்தி, சாயம் போகாது, கோடை வெயிலுக்குக் குளுமை, உடலுக்கு ஒவ்வாமை தராது என்று போனது. வெங்கடகிரியின் பாரம்பரியத்தை நினைவூட்டும் பார்டர் என்று ஒரு வரி. முடிவில், ஒவ்வொரு சேலையின் பின்னாலும் மூன்று நாள் உழைப்பு. நான் செய்த திருத்தம், ஒரு இடத்தில் ஒற்று போட்டது, 'குளுமை' என்பதைக் 'குளிர்ச்சி' ஆக்கியது. எண்ணிப் பார்த்தால் நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த அம்மாவின் போனுக்குப் பிறகு ராத்திரி உட்கார்ந்து அந்த எட்டு வரியையும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தேன். நிஜமா பொய்யா என்று ஒருவர் சோதித்துப் பார்க்க முடிகிற சொற்களுக்கு மட்டும் கோடு. 'அழகு', 'கண்ணைக் கவரும்' மாதிரிச் சொற்களை விட்டுவிட்டேன், அவை பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தவை. கோடு விழுந்தவை பதினொன்று. அதில் ஆறுக்கு நான் கொடுத்த விவரத்தில் ஆதாரம் இருந்தது. மீதி ஐந்து, அதாவது கைத்தறி, சாயம் போகாது, ஒவ்வாமை தராது, வெங்கடகிரி, மூன்று நாள் உழைப்பு ஆகியவை எங்கிருந்தும் வரவில்லை. யாரும் சொல்லாதவை.

ஏன் வந்தன என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இந்தக் கருவிகள் முன்னால் எழுதிக் குவிந்திருக்கிற எழுத்தைப் பார்த்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருவது வழக்கமோ அதைக் கொண்டுவந்து வைக்கின்றன. இணையத்தில் இருக்கிற சேலை விளம்பரங்களில் பருத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கைத்தறி வருவதும், அதற்குப் பக்கத்தில் நெசவாளர் குடும்பம், பாரம்பரியம், பல நாள் உழைப்பு வருவதும் பழகிப்போன வரிசை. விசைத்தறிச் சேலையை விற்கிறவர்கள் விசைத்தறி என்று பெருமையாக எழுதுவது குறைவு. அதனால் விவரத்தில் வெற்றிடம் இருந்த இடத்தை அந்த வழக்கம் நிரப்பிவிட்டது. கருவி பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதியது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட கடையின் இந்தக் குறிப்பிட்ட சேலைக்கு அது பொய்.

ஒரு விவரம் இல்லாத இடத்தில்தான் இந்த நிரப்பல் நடக்கிறது என்பதைக் கவனித்தபிறகு நான் செய்கிற முதல் காரியம், இல்லாதவற்றையும் எழுதிக்கொடுப்பது. இது விசைத்தறி, கைத்தறி என்று எழுதக்கூடாது. சாயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எந்த ஊர்ப் பெயரும் வேண்டாம். இப்படி எழுதினால் நிறையக் குறைகிறது. முற்றிலும் நிற்பதில்லை. 'நெசவாளரின் கைவண்ணம்' என்று வேறு வாசல் வழியாக உள்ளே வரும். 'கை' என்ற ஒரு எழுத்தே வாங்குகிறவர் மனசில் கைத்தறியைக் கொண்டுவந்துவிடும். ஆகவே சிவப்புப் பேனா இல்லாமல் எதுவும் என் கையை விட்டுப் போவதில்லை.

அந்த ஐந்தில் மிக மோசமானது எது என்று யோசித்தேன். கைத்தறி என்பதைவிட வெங்கடகிரி மோசம் என்று சில சமயம் தோன்றுகிறது. வெங்கடகிரிச் சேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைப் பொய்யாகச் சரக்கின் மேல் ஒட்டுவது தண்டனைக்குரிய குற்றம். 'நினைவூட்டும்' என்று சுற்றி எழுதியதால் சட்டத்தில் தப்பித்திருக்கலாம், வாங்குகிறவர் காதில் ஊர்ப்பெயர்தான் விழும். வெங்கடகிரியும் இப்போது எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே தறியில் உட்கார்ந்து நெய்கிற ஒருவரின் பெயரை 680 ரூபாய்ச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து நான் செலவழித்திருக்கிறேன். கைத்தறியைப் பொய்யிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே மத்திய அரசு 2006-இல் கைத்தறி முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரைத் துண்டைத் தேடிப் பார்த்து வாங்குகிற பழக்கம் நம்மிடம் குறைவு. கேட்டலாக்கில் படிக்கிற சொல்லைத்தான் நம்புகிறோம்.

கடைக்காரர் செய்ததைச் சொல்ல வேண்டும். மறுநாளே அந்த வாசகத்தை எடுத்துவிட்டார். அதைப் பார்த்து வாங்கிய 31 பேருக்கும் தனித்தனியாகச் செய்தி போட்டார். இது விசைத்தறிச் சேலை, கைத்தறி என்று தவறாகப் போட்டுவிட்டோம், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நாலு பேர் திருப்பினார்கள். ஊத்துக்கோட்டை அம்மா திருப்பவில்லை. "அந்த விலைக்கு நல்ல சேலைதான், பேர் மட்டும் சரியாப் போடுங்க" என்றாராம்.

கடைக்காரர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "இது நீ எழுதினதா பா?"

அதற்கு அன்று நான் உண்மையைச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று பழைய விலையையே வாங்கிக்கொண்டிருந்தேன், பழைய விலை என்பது நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து எழுதின காலத்து விலை. அவர் கோபப்பட்டது விலைக்காக இல்லை. "சொல்லியிருந்தா நான் யாரையாச்சும் விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். நீ எழுதினதுன்னு நெனச்சுதான் விட்டுட்டேன்" என்றார். வாடிக்கையாளரிடம் ஏன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்த வாக்கியத்தில்தான். கருவியைப் பயன்படுத்துவது தப்பா சரியா என்பது அவர் கவலையே இல்லை. யார் எழுதினார் என்பதைப் பொறுத்து அவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்பது மாறுகிறது. அதை மறைத்தால், பார்க்க வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூடிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்த உண்மைகள் எனக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. அவர் கண்தான் கடைசிச் சோதனை.

இப்போது என் பில்லில் ஒரு வரி அச்சாகிறது: 'முதல் வரைவு ஏஐ கருவியில் எடுத்தது. திருத்தமும் தகவல் சரிபார்ப்பும் என்னுடையவை. கீழே கோடிட்ட தகவல்களுக்கு ஆதாரம் தந்தவர் கடை உரிமையாளர்.' நானே முழுதாக எழுதினவற்றுக்கு வேறு வரி, வேறு விலை. வாசகத்தோடு ஒரு தாளும் போகிறது. மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கோடிட்ட தகவல், இரண்டாவதில் அதைச் சொன்னது யார், மூன்றாவதில் கேட்டால் காட்ட என்ன இருக்கிறது. நூல் நம்பருக்கு நூல் வாங்கிய பில். நீளத்துக்கு டேப் வைத்து அளந்தது. சாயம் போகாது என்றால் சாயப்பட்டறை எழுதிக் கொடுத்த சீட்டோ, குறைந்தபட்சம் வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துப் பார்த்த போட்டோவோ. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி வாசகத்திலிருந்து போகும்.

தமிழ் படிக்க வராதவர்களுக்கு வாசகத்தைப் போனில் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். தெலுங்கில் சுருக்கம் சொல்லிவிட்டால் போதாதா என்று ஆரம்பத்தில் நினைத்தேன். போதாது. சுருக்கத்தில் தவறான சொல் விடுபட்டுப்போகும். கைத்தறி என்ற சொல்லைத் தமிழில் கேட்டிருந்தால் அந்த மனுஷர் அன்றே நிறுத்தியிருப்பார். எட்டு வரி படிக்க ஒன்றரை நிமிஷம்.

இப்படிச் சொல்ல ஆரம்பித்ததால் வேலை போகவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கொஞ்சம் போனது. ஒரு கடை, கருவிதானே எழுதுகிறது, பையனை விட்டு நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று விலகியது. அது அவர்கள் உரிமை, மறைத்து வைத்துப் பிடித்திருக்கக்கூடிய வாடிக்கை அது. இன்னொரு கடை விலையைப் பாதியாக்கச் சொன்னது, நியாயம் என்று ஒத்துக்கொண்டேன். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் எனக்குத் தமிழ் வேலை தருகிறது. அவர்கள் கையெழுத்து கேட்ட ஒப்பந்தத்தில், கொடுப்பது அனைத்தும் என் சொந்தப் படைப்பு என்று ஒரு வரி. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்த ஆள்தான் ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் கேட்பது சட்டத்தில் ஆசிரியர் யார் என்பதை இல்லை, வேறு கடைக்கும் இதே வரி போயிருக்குமா என்பதைத்தான் கேட்கிறார்கள். போயிருக்கும். இரண்டு ஊர்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு துணிக்கடைப் பக்கங்களில் கிட்டத்தட்ட ஒரே தொடக்க வரியை நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் நான் எழுதியவை இல்லை. அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றித் தந்தார்கள்.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். கருவிக்குள் நான் எதைப் போடுகிறேன் என்பது. அடுத்த மாதத் தள்ளுபடி, கொள்முதல் விலை, வாங்கியவர்களின் பெயர், போன் நம்பர் எல்லாம் ஒரே எக்செல் தாளில் வரும். அப்படியே ஒட்டினால் அது கடையை விட்டு வெளியே போய்விடுகிறது. பெயரும் நம்பரும் இருக்கிற தாளை நான் இப்போது வாங்குவதே இல்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று தேடிப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு விளக்கம் தருகிறது. பொருளைப் பொய்யாக விவரிப்பது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது இரண்டும் அதில் வருகின்றன. அப்படிப்பட்ட விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூன் மாதம் அந்த ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள் விளம்பரம் எழுதிக்கொடுக்கிற நிறுவனத்தையும் பேர் சொல்லிச் சேர்க்கின்றன. சோதித்துப் பார்க்கக்கூடிய எந்தத் தகவலுக்கும் கேட்டால் ஆதாரம் காட்ட முடிய வேண்டும் என்கின்றன. என் தாளின் மூன்றாவது கட்டம் அங்கிருந்து வந்ததுதான். இவற்றில் எதுவும் வாசகத்தை மனுஷன் எழுதினானா இயந்திரம் எழுதியதா என்று கேட்கவில்லை. கருவி எழுதியது, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க அங்கே இடமில்லை.

அப்படியானால் வாங்குகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும்? ஒவ்வொரு சேலைக்குக் கீழேயும் 'இந்த வாசகம் ஏஐ கருவியால் எழுதப்பட்டது' என்று போட வேண்டும் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஊத்துக்கோட்டை அம்மாவுக்கு அந்த வரி எந்த விதத்திலும் உதவியிருக்காது. கீழே அந்த வரியும் மேலே கைத்தறி என்ற பொய்யும் சேர்ந்தே இருந்திருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது 'விசைத்தறி' என்ற ஒரு சொல். நீளம், நூல், தறி, விலை இவை சரியாக இருந்தால் அந்த நாலு வரியை யார் கோத்தார் என்பதால் வாங்குகிறவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. சேலையில் எது சொல்லப்பட வேண்டுமோ அதை மறைத்துவிட்டு, கருவியின் பெயரைச் சொல்லி நேர்மையாகிவிட்டதாக நினைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் என் நண்பர் சொல்வதைவிடக் கடுமையாக நிற்கிறேன். ஒரு மனுஷர் பேசுவதாக வருகிற எழுத்து. 'நான் வாங்கிக் கட்டினேன்', 'என் மருமகளுக்கு எடுத்தேன், அருமை' என்று வருகிற வரிகள். அந்த இடத்தில் யார் பேசுகிறார் என்பதே சரக்கு. அங்கே ஆள் இல்லையென்றால் கீழே எந்தக் குறிப்பு போட்டாலும் அது செல்லாது.

போன தீபாவளிக்கு முன்னால் வேறொரு கடையில் கேட்டார்கள். கூகுளில் போட இருபது விமர்சனம் வேண்டும், ஆளுக்கு ஒரு மாதிரி, கொஞ்சம் எழுத்துப் பிழையோடு. கருவிக்கு அது பத்து நிமிஷ வேலை. பெண் குரல், தாத்தா குரல், கல்லூரிப் பையன் குரல் எல்லாம் தரும், எழுத்துப் பிழைகூடக் கேட்டபடி போடும். முடியாது என்றேன். அவர் நல்ல மனுஷர், இதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "நம்ம சரக்கு நல்ல சரக்குதானே, வாங்கினவங்க நல்லதுதானே சொல்றாங்க, எழுதத்தான் மாட்டேங்கறாங்க" என்றார். வாங்கினவர்கள் வாயால் சொன்னதை அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே போடலாமே என்றேன். ஒரு வாரத்தில் ஆறு பேரிடம் குரல் செய்தியில் வாங்கினோம். அதில் ஒரு அம்மா சேலை நன்றாக இருக்கிறது, பார்டர் சரிகை மட்டும் நாலாவது துவையலில் நிறம் மங்கிவிட்டது என்றார். கடைக்காரர் அதையும் போட ஒத்துக்கொண்டார். ஆறில் ஒருவர் குறை சொன்னதும் மற்ற ஐந்தையும் படிக்கிறவர் நம்புகிறார் என்பதை அவரே பிறகு சொன்னார்.

இதில் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ரைட்டர் என்ற எழுத்துக் கருவி நிறுவனத்தின் மேல் அங்குள்ள கூட்டரசு வணிக ஆணையம் 2024 செப்டம்பரில் நடவடிக்கை எடுத்தது. அந்தக் கருவியில் விமர்சனம் எழுதுவதற்கென்றே ஒரு வசதி. பயன்படுத்துகிறவர் ஒன்றிரண்டு சொல் கொடுத்தால், அவர் கொடுத்ததற்குச் சம்பந்தமே இல்லாத விவரங்களோடு நீளமான விமர்சனம் வரும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. என் பதினொன்றில் ஐந்து நினைவுக்கு வந்தது. அந்த வசதியை விற்கக்கூடாது என்று அந்த வருஷ டிசம்பரில் உத்தரவு உறுதியானது. ஒரு வருஷம் கழித்து, அரசு மாறிய பிறகு, அதே ஆணையம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. கருவியை விற்றவர் மேல் குற்றம் சொல்லலாமா என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து மாறியது. பொய் விமர்சனத்தை எழுதி விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிற தனி விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஏஐ எழுதிய, இல்லாத ஆளின் விமர்சனமும் அதில் அடங்கும். நம் நாட்டில் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. விமர்சனம் எழுதியவர் நிஜ ஆள்தானா என்று தளம் சரிபார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டாயம் என்று இல்லாமல், விரும்புகிறவர் பின்பற்றுவதாக வந்தது.

யார் பேசுகிறார் என்பதே முக்கியம் என்கிற இதே காரணத்தால்தான், கடைகளின் வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு 'சொல்லுங்கக்கா, எந்த நிறம் வேணும்' என்று பதில் போடுகிற இயந்திரத்துக்கும் நான் வாசகம் எழுதுவதாக இருந்தால் முதல் வரியிலேயே அது தானியங்கிப் பதில் என்று போட்டுவிடுகிறேன். அக்கா என்று கூப்பிட்டால் எதிரில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பதாகத்தான் நம் ஊர் மனசு எடுத்துக்கொள்ளும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் கொண்டுவந்த நெறிமுறையும், கணினியில் உருவாக்கிய பிரபலங்கள் விளம்பரம் செய்தால் எதிரில் இருப்பது நிஜ மனுஷர் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தக் கணினிப் பிரபலத்துக்குச் சொன்னது இந்த வாட்ஸ்அப் தம்பிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன்.

கடை நிறுவியவரின் கதை என்று ஒன்று கேட்பார்கள், அதுவும் இதே வகை. தாத்தா ஒற்றைத் தறியோடு ஆரம்பித்தார், பாட்டி நூல் சுற்றினார் என்று கருவி கண்ணீர் வருகிற மாதிரி எழுதும். ஒரு கடைக்கு நான் எழுதப் போனபோது, அவருடைய தாத்தா தறிக்காரரே இல்லை, மாங்காய் வியாபாரம் செய்தவர் என்று தெரிந்தது. அதை அப்படியே எழுதினோம். சித்தூர்ப் பக்கத்து மாங்காய் வியாபாரி துணிக்கு வந்த கதை, யாரும் கற்பனை செய்ய முடியாத கதையாகத்தான் இருந்தது.

அந்தப் பழைய கடைக்காரருக்கு இப்போதும் எழுதுகிறேன். போன வாரம் ஒரு லுங்கி வந்திருந்தது. கருவியில் வரைவு எடுத்து, கோடு போட்டு, மூன்று கட்டமும் நிரப்பி, போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். தறி விசைத்தறி என்று இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. ஐந்தாவது வரிக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகும்னு யாரு சொன்னது?"

"கருவி எழுதினது ணா. இந்த நூலுக்குக் கஞ்சி போனா அப்படித்தான ஆகும்னு விட்டுவச்சேன்."

"நான் துவைச்சுப் பார்க்கலியே. வீட்டுல ஒன்னு எடுத்துட்டுப் போறேன். பத்து வாட்டி துவைச்சுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் அந்த வரி வேணாம்."

தாளில் அந்த வரிக்கு நேரே மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நேற்றுக் கேட்டேன், நாலு துவையல் ஆகியிருக்கிறதாம்.